டிரம்மில் மழைநீர் வடிகட்டி: எந்த அடுக்கு, எந்த அளவு, எப்போது சுத்தம்?

கூரையிலிருந்து வரும் நீரைத் தொட்டியில் சேர்க்கும் முன் வடிகட்ட, 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று போதும். அடியில் ஒரு குழாயும், மேல் விளிம்புக்குக் கீழே வழிந்தோட ஒரு குழாயும் வைத்துவிடுங்கள்.

முதலில் கழுவும் வேலை. மணலை வாளியில் போட்டு நீர் ஊற்றிக் கலக்கி, கலங்கல் நீரைச் சாய்த்துக் கொட்டுங்கள். நீர் தெளியும் வரை விடாதீர்கள். இதில் சோம்பல்பட்டால் மணலில் இருக்கும் வண்டலே வடிகட்டியை அடைத்துவிடும். மரக்கரியைச் சிறு துண்டுகளாக உடைத்து, தூளைச் சலித்து நீக்கி, ஒரு நாள் முழுக்க நீரில் ஊறவையுங்கள். காய்ந்த கரி மிதக்கும். மேலே உள்ள மணலையும் கிளப்பிவிடும்.

இனி அடுக்கலாம். அடியில் 20 மி.மீ. ஜல்லி, 15 செ.மீ. உயரத்துக்கு. அதன் மேல் 6 முதல் 10 மி.மீ. ஜல்லி 10 செ.மீ., பிறகு அதே அளவு கரித்துண்டுகள் 10 செ.மீ. கரியின் மேல் நைலான் வலையை விரித்து, ஓரங்களை டிரம் சுவரோடு மடித்து விடுங்கள். அதற்கு மேல் 1 முதல் 2 மி.மீ. பருமணல், 25 செ.மீ. நீர் விழும் இடத்தில் மட்டும் கொஞ்சம் கூழாங்கல் போட்டால் மணலில் குழி விழாது. மீதி உயரம் நீர் நிற்பதற்கு.

அளவு ஏன் இப்படி? கீழ் அடுக்கின் துண்டுகள் மேல் அடுக்கின் துகளைவிட நான்கைந்து மடங்குக்கு மேல் பெரிதாக இருந்தால், மேலே உள்ளது இடைவெளி வழியே இறங்கிவிடும். மணலை நேரே 20 மி.மீ. ஜல்லி மேல் கொட்டினால் அது குழாய் வழியே தொட்டிக்கே போய்ச் சேரும்.

சரி, சுத்தம் எப்போது? போட்ட அன்றே இரண்டு வாளி நீர் ஊற்றி, மணலுக்குள் இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை இதையே செய்து பாருங்கள். நேரம் இரட்டிப்பானால் மேல் 2 செ.மீ. மணலை மட்டும் சுரண்டி எடுத்துக் கழுவித் திரும்பப் போடுங்கள். அழுக்கு பெரும்பாலும் அந்த மேற்பரப்பில்தான் களிம்பு போலப் படிகிறது. ஆழமாகக் கிளறினால் அது உள்ளே இறங்கி, பிறகு எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதாகும்.

திடீரென்று நீர் வேகமாக இறங்குகிறதா? சந்தோஷப்பட வேண்டாம். சுவரோரம் மணல் பிளந்து அந்த வழியே கலங்கல் நீர் ஓடுகிறது என்று அர்த்தம். ஓரத்தை அழுத்தி மணலைச் சமப்படுத்துங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் தொடங்கும் முன் முழுதும் பிரித்து, மணலையும் ஜல்லியையும் கழுவி வெயிலில் காயவைத்துத் திரும்ப அடுக்குங்கள். கரியை மட்டும் புதிதாக மாற்றுங்கள். சாதாரண மரக்கரி வாடையையும் நிறத்தையும் ஓரளவுதான் இழுக்கும். கழுவினாலும் பழைய திறன் திரும்பாது. அப்புறம், இந்த மூன்றும் கிருமியைக் கொல்லாது. குடிப்பதற்கென்றால் கொதிக்க வைத்தே ஆக வேண்டும்.