47 கிராமா, 40 கிராமா? மணி வளைவில் மாட்டிய கணக்கு

கொழிஞ்சாம்பாறையில் அக்கா மகள் பிளஸ் டூ ப்ராஜெக்டுக்காகத் தோப்புத் தேங்காய்களை எடை போட்டாள். சராசரி 500 கிராம், திட்ட விலக்கம் 40. ஆனால் கிராஃப் தாளில் வரைந்த மணி வளைவை அளந்தால் 47 வந்தது. பல நாள் இதிலேயே போனது.

முதலில் தராசைச் சந்தேகப்பட்டோம். அப்புறம் n-க்குப் பதில் n−1 ஆல் வகுத்துப் பார்த்தோம். இம்மியும் நகரவில்லை.

கோளாறு அளந்த இடத்தில்தான். உச்சியில் பாதி உயரத்தில் அகலத்தை எடுத்து, அதில் பாதியைத் திட்ட விலக்கம் என்று வைத்திருந்தோம். சரி, வகையிட்டே பார்ப்போம் என்று, சராசரியை μ, திட்ட விலக்கத்தை σ என வைத்து, z = (x−μ)/σ என எடுத்தேன்.

```
f   = e^(−z²/2)
f'  = −z·f
f'' = (z²−1)·f
```

f ஒருபோதும் பூஜ்யமாகாது. ஆகவே f'' = 0 ஆக வேண்டுமானால் z = ±1. கோடு வளையும் திசை மாறும் இடங்களான வளைவு மாற்றப் புள்ளிகள் 460, 540, சராசரியிலிருந்து சரியாக ஒரு σ தூரம். அங்கே உயரம் உச்சியில் பாதி இல்லை, e^(−1/2), அதாவது 0.607 பங்கு. பாதி உயரம் வருவது 1.18σ தூரத்தில், 47 வந்த கதை அதுதான்.

உச்சி 10 செ.மீ. என்றால் 6.07 செ.மீ. உயரத்தில் அளக்க வேண்டும். அளந்தோம், 40 வந்தது.

அந்தப் புள்ளியைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம், சுற்றிலும் கோடு கிட்டத்தட்ட நேராகவே இருக்கும். அங்கே ஸ்கேல் வைத்துத் தொடுகோடு இழுங்கள். புள்ளி சரியென்றால் அது கீழ் அச்சைச் சராசரியிலிருந்து 2σ தூரத்தில், வலப்பக்கம் என்றால் 580-ல், வெட்டும்.