“இது என் கையெழுத்து இல்லைங்க”: நீதிமன்றச் சிறுகதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாட்சி சொன்ன சொல்லில் ஒளிந்திருக்கும் இரட்டைப் பொருளை நீதிமன்ற எழுத்தர் ஒருவர் கண்டுகொள்வதைச் சிறுகதையாக்க முனைபவர்கள், பெரும்பாலும் இரட்டைப் பொருளுக்குப் பதிலாக ஒரு பொய்யை வைத்துவிடுகிறார்கள். பொய்யை உடைக்க வெளியிலிருந்து ஓர் ஆதாரம் வந்தாக வேண்டும். இருபொருள்படச் சொன்ன பதிலோ ஒரு பொருளில் உண்மையாகவே இருக்கும். அதைப் பிடிக்கச் சொல்லைக் கவனித்தாலே போதும். எழுத்தரைக் கதைக்கு நடுவில் நிறுத்துவதற்கு நியாயம் இருப்பதும் அதனால்தான்.

புரோநோட் வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடன் தொகையும் வட்டியும் எழுதப்பட்ட வாசகத்தை வேறொருவர் நிரப்ப, கடன் வாங்கியவர் கீழே ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையொப்பமிடுவது நம் ஊர்களில் சாதாரணம். பிரதிவாதி சாட்சிக் கூண்டில் நிற்கிறார். “இதில் இருப்பது உங்கள் கையெழுத்துதானே?” என்று வாதியின் வழக்கறிஞர் கேட்க, “இது என் கையெழுத்து இல்லைங்க ஐயா” என்கிறார். தமிழில் கையெழுத்து என்ற சொல், எழுதும் பாணியையும் குறிக்கும், கையொப்பத்தையும் குறிக்கும். மேலே உள்ள வாசகத்தை எழுதியவர் அவர் இல்லை என்பதால் அவர் சொன்னது உண்மை. ஸ்டாம்பின் மேல் இருக்கும் ஒப்பத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவே இல்லை. கையொப்பம் அவருடையது என்று ஆகிவிட்டால், 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 118-ஆம் பிரிவின்படி பணம் கைமாறியது என்றே நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும். அதை மறுத்து நிரூபிக்கும் பொறுப்பு அவர் தலையில் விழும். இத்தனையும் ஒரே சொல்லைப் பற்றிக்கொண்டு தொங்குவதால்தான் அந்தச் சொல்லுக்குக் கதையைத் தாங்கும் பலம் இருக்கிறது. ஆங்கிலத்தில் யோசித்து உருவாக்கிய சிலேடையைத் தமிழுக்குக் கொண்டுவந்தால் இந்தப் பலம் கிடைப்பதில்லை.

அடுத்த தவறு இன்னும் நுட்பமானது. நல்ல எழுத்தாளர்களும் இதில் சறுக்கிவிடலாம். எழுத்தர் மாலையில் தனியாக உட்கார்ந்து, தட்டச்சான வாக்குமூலத்தைப் படித்து இரட்டைப் பொருளைக் கண்டுபிடிப்பதாக எழுதிவிடுகிறார்கள். ஆனால் வாக்குமூலத் தாளில் அது இருக்காது. சாட்சி பேசியதை அப்படியே தட்டச்சர் அடிப்பது வழக்கமில்லை. கேள்வியையும் பதிலையும் சேர்த்து, சாட்சியே பேசுவதுபோல ஒரு வாக்கியமாக்கி நீதிபதி சொல்ல, அதைத்தான் அவர் அடிக்கிறார். வாதி தரப்புச் சான்றாவணத்தை வா.சா.ஆ. என்று சுருக்கும் நம் நீதிமன்றத் தமிழில் அது “வா.சா.ஆ.1-இல் உள்ளது என்னுடைய கையொப்பம் என்றால் சரியல்ல” என்று பதிவாகும். கையெழுத்து கையொப்பமாக மாறிய அந்த நொடியிலேயே இரட்டைப் பொருள் செத்துவிடுகிறது; சாட்சி சொல்லாத ஒரு மறுப்பு அவருடைய வாக்குமூலமாகத் தாளில் உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே காதால் கேட்ட சொல்லுக்கும் தாளில் ஏறிய சொல்லுக்கும் நடுவில் நிற்கும் ஒருவரால்தான் அதைக் கண்டுகொள்ள முடியும். ஆவணத்தைச் சாட்சியின் கையில் கொடுத்துவிட்டு அருகிலேயே நிற்கும் பெஞ்ச் கிளார்க்குக்குச் சாட்சியின் விரல் எங்கே இருந்தது என்பதும் தெரியும்: மேலே, நீல மையில் எழுதிய வரிகளின் மேல்; ஸ்டாம்பின் பக்கம் அது போகவே இல்லை. இதைச் சொன்னால் போதும். “ஆகா, இதற்கு இரண்டு அர்த்தம் உண்டே!” என்று எழுத்தர் மனத்துக்குள் விளக்கவுரை நிகழ்த்தத் தேவையில்லை.

கண்டுகொண்ட பிறகு எழுத்தர் எழுந்து நின்று ஆட்சேபம் சொல்வதாக எழுதினால், நீதிமன்றப் படி ஏறிய எவரும் அந்த இடத்தில் கதையை மூடிவைத்துவிடுவார்கள். வழக்கில் பேசும் உரிமை அவருக்குக் கிடையாது. கோப்பை நீட்டும்போது, “ஐயா, சாட்சி மேல் வாசகத்தைக் காட்டித்தான் சொன்னார்” என்று தாழ்ந்த குரலில் சொல்லலாம். அதையும் தயங்கித்தான் சொல்வார், ஏனெனில் நீதிபதி சொல்லிப் பதிவானதில் பிழை இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். அதற்கு மேல் செய்ய வேண்டியது நீதிபதியின் வேலை. சாட்சியிடம் தாமே கேள்வி கேட்கும் அதிகாரத்தைப் பழைய சாட்சியச் சட்டத்தின் 165-ஆம் பிரிவு அவருக்குக் கொடுத்திருந்தது; 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் அதை 168-ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்பதை முடிவு செய்யாமல் பிரிவு எண்ணை எழுதிவிடுவதும் ஒரு தவறுதான், ஆனால் எளிதில் திருத்தக்கூடியது.

சாட்சி தெரிந்தே தந்திரமாகப் பேசினாரா, அல்லது படித்தவர் பேச்சு புரியாமல் தனக்குத் தெரிந்த பொருளில் பதில் சொன்னாரா என்பதை அவசரப்பட்டுத் தீர்ப்பது கடைசித் தவறு. எழுத்தருக்கு அது உடனே தெரிய வழியில்லை. தெரிய வேண்டுமென்றால் அதற்கான இடம் விசாரணை முடிந்த பிறகு வருகிறது. வாக்குமூலத் தாளை எழுத்தர் மேசைமேல் விரித்து வைக்கிறார், பேனாவை வாங்கிக்கொண்ட சாட்சி தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “கையெழுத்து எங்கங்க போடணும்?” என்று கேட்கிறார்.