பட்டறை மிஷினுக்கும் கடை கம்ப்யூட்டருக்கும் இன்சூரன்ஸ் எடுப்பது எப்படி?

தீ விபத்து பாலிசி இருக்கிறதே, அது போதாதா என்று பலர் கேட்கிறார்கள். ஷார்ட் சர்க்யூட்டில் மோட்டார் காயில் எரிந்தால், அதிலிருந்து பரவிய தீயில் கருகிய கூரைக்கு அந்த பாலிசி பணம் தரும். எரிந்த மோட்டாருக்குத் தராது. அந்த ஓட்டையை அடைப்பதுதான் மெஷினரி பிரேக்டவுன் பாலிசி.

1. எதை எதில் சேர்ப்பது என்று பிரியுங்கள். லேத், கம்ப்ரஸர் போன்றவை மெஷினரி பிரேக்டவுனில் வரும். அதில் தீ, வெள்ளம் கிடையாது, அதனால் தீ பாலிசியும் கூடவே வேண்டும். கம்ப்யூட்டர், சர்வர், பிரிண்டர் எல்லாம் எலக்ட்ரானிக் எக்யூப்மெண்ட் பாலிசிக்கு. இதன் வரம்பு அகலம். தீயும் வெள்ளமும் பொதுவாக இதிலேயே அடங்கும்.

2. காப்பீட்டுத் தொகையைச் சரியாகப் போடுங்கள். பெரும்பாலான கிளெய்ம் சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது. பழைய பில்லில் உள்ள விலையைப் போடக் கூடாது. அதே திறனுள்ள புது மிஷின் இன்று என்ன விலை, அதோடு வரி, லாரி வாடகை, பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்த தொகைதான் கணக்கு.

ஒரு உதாரணம். 8 லட்சத்துக்கு வாங்கிய லேத், இன்று புதிது 12 லட்சம். நீங்கள் 8 லட்சத்துக்கே பாலிசி எடுத்திருக்கிறீர்கள். மோட்டார் எரிந்து ரிப்பேர் செலவு 60,000 ரூபாய். மூன்றில் இரண்டு பங்குதானே காப்பீடு செய்தீர்கள் என்று 40,000 ஆகக் குறைப்பார்கள். அதிலும் நீங்கள் ஏற்க வேண்டிய எக்ஸஸ் தொகை 5,000 என்றால், கைக்கு வருவது 35,000. பிரீமியத்தில் மிச்சம் பிடித்தது போதுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

3. எது கிடையாது என்று படியுங்கள். நாள்பட்ட தேய்மானம், துரு, பெல்ட், டிரில் பிட் எதற்கும் பணம் வராது. பாலிசி எடுக்கும்போதே தெரிந்திருந்த பழுதும், வாரண்டியில் கம்பெனி சரிசெய்ய வேண்டியதும் அப்படித்தான். கம்ப்யூட்டர் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னும் இருக்கிறது: எலக்ட்ரானிக் எக்யூப்மெண்ட் பாலிசி உங்கள் சொந்த உபயோகக் கருவிகளுக்கு மட்டும். விற்க வைத்திருக்கும் ஸ்டாக்கும், கஸ்டமர் ரிப்பேருக்குக் கொடுத்த லேப்டாப்பும் தானாக இதில் சேராது. ஏஜெண்டிடம் தனியாகக் கேளுங்கள். டேட்டாவை மீட்கும் செலவும் தனிப் பிரிவு. பராமரிப்பு ஒப்பந்தம் நடப்பில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

4. பழுதானால் உடனே இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லுங்கள். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும் வரை மிஷினைப் பிரிக்க வேண்டாம். போட்டோ எடுத்து வையுங்கள். காயில் கட்டுபவர் கருகிய செம்புக் கம்பியை எடைக்குப் போட்டுவிடுவார், அதை மட்டும் விடாதீர்கள். கம்பி எங்கே, எப்படிக் கருகியிருக்கிறது என்று பார்த்துத்தான் அது திடீர்ப் பழுதா, தேய்மானமா என்று சர்வேயர் எழுதுவார்.