ஏரி புறம்போக்கை விலை கொடுத்து வாங்குகிறவர்கள் எங்கே தவறுகிறார்கள்?

மனை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "வில்லங்கம் எதுவும் இல்லையே?" என்பதுதான். கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு. "இந்த சர்வே எண் அ-பதிவேட்டில் என்ன வகைப்பாட்டில் இருக்கிறது?" கிராமத்தின் ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு அது. அதில் ஏரி, குளம், கண்மாய், ஊருணி, ஓடை, வாய்க்கால், மேய்க்கால், மயானம், வண்டிப்பாதை என்று எழுதியிருந்தால், அந்தப் பதிவு தவறு என்று நிரூபித்துத் திருத்தாத வரை மற்ற எந்தக் காகிதத்தையும் பார்க்கத் தேவையில்லை. உங்களுக்குக் கொடுக்க விற்பவரிடம் எதுவும் இல்லை.

காரணம் எளிமையானது. தன்னிடம் உள்ள உரிமையைத்தான் ஒருவர் இன்னொருவருக்கு மாற்ற முடியும். 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம், சாலைகள், ஆறுகள், ஏரிகள், குளங்கள், வாய்க்கால்கள் போன்றவை அரசின் சொத்து என்று இரண்டாம் பிரிவிலேயே சொல்கிறது. தனியார் உரிமை நிலைநாட்டப்பட்ட இடங்களுக்கு மட்டும் அதில் விதிவிலக்கு. ஜமீன் பகுதிகளிலும் 1948ஆம் ஆண்டு ஒழிப்புச் சட்டத்தின்படி ஏரி, குளம், புறம்போக்கு எல்லாம் அரசின் கைக்கு வந்துவிட்டன. ஆகவே "ஜமீன்தாரிடம் எங்கள் தாத்தா வாங்கினார்" என்று பழைய பத்திரத்தை நீட்டினாலும், 1948க்குப் பிந்தைய பதிவேடு என்ன சொல்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

காகிதக் கட்டைப் பார்த்து மயங்குவது

இப்படிப்பட்ட இடத்தை விற்பவர் வெறுங்கையுடன் வருவதில்லை. கையில் ஒரு கோப்பு நிறைய காகிதம் இருக்கும். ஒவ்வொன்றும் உண்மையான காகிதமாகவே இருக்கும், அதுதான் சிக்கல். அவை எதைச் சொல்கின்றன என்பதில்தான் ஏமாறுகிறோம்.

வீட்டு வரி ரசீது, அந்தக் கட்டடத்துக்கு வரி கட்டியதைச் சொல்கிறது. மின் இணைப்பு அட்டை, அங்கே மின்சாரம் போகிறது என்பதைச் சொல்கிறது. வில்லங்கச் சான்று, அந்த சர்வே எண்ணில் பதிவான பரிவர்த்தனைகளைப் பட்டியலிடுகிறது, அவ்வளவுதான். ஏரியின் எண்ணுக்கு வில்லங்கம் போட்டால் "எதுவும் இல்லை" என்று வரலாம். யாரும் விற்காத, அடமானம் வைக்காத இடம் என்பதுதான் அதற்குப் பொருள். அதைக் காட்டி "பாருங்க சார், சுத்தமா இருக்கு" என்பார் தரகர்.

இன்னும் இரண்டு காகிதங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, பி மெமோ. அரசு நிலத்தில் ஆக்கிரமித்து இருப்பவருக்கு அபராதத் தீர்வை விதித்துக் கொடுப்பது இது. கட்டிய ரசீதுகளை வருஷ வாரியாகச் சேர்த்து வைத்திருந்து, "முப்பது வருஷமா அரசுக்குத் தீர்வை கட்டுறோம்" என்று காட்டுவார்கள். அந்த ரசீது நிரூபிப்பது நேர் எதிரானதை: இவர் ஆக்கிரமிப்பாளர் என்று அரசு பதிந்து வைத்திருக்கிறது. இன்னொன்று 2சி பட்டா. புறம்போக்கில் நிற்கும் புளி, பனை, மா போன்ற மரங்களின் பலனை அனுபவிக்கக் கொடுப்பது. பேரில் பட்டா இருக்கிறது. மண்ணின் மேல் ஒரு சென்ட் உரிமைகூட அதில் இல்லை.

சரி, பட்டாவே இருந்தால்? அதிலும் கவனம் வேண்டும். 1979க்குப் பிறகு நடந்த யு.டி.ஆர். திட்டத்தில் பதிவுகளைப் புதுப்பித்தபோது பிழைகள் நுழைந்தன. புறம்போக்கின் ஒரு துண்டு தனியார் பெயருக்குப் போனதும் உண்டு, தனியார் நிலம் புறம்போக்காகப் பதிவானதும் உண்டு. நீர்நிலைக்குத் தவறாகத் தரப்பட்ட பட்டாவைப் பின்னாளில் ரத்து செய்ய முடியும். அதனால் இப்போதைய பட்டாவோடு நிற்காமல், அதற்கு முந்தைய நில அளவைப் பதிவேட்டிலும் அந்த எண் எப்படி இருந்தது என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் நகல் கேட்டுப் பார்ப்பது நல்லது.

"பதிவு ஆயிடுச்சே" என்று நினைப்பது

பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 22-ஏ பிரிவு, அரசு நிலம், உள்ளாட்சி நிலம் போன்றவற்றின் பத்திரங்களைப் பதிய மறுக்கும்படி பதிவு அலுவலருக்குச் சொல்கிறது. அப்புறம் எப்படிப் பதிவாகிறது? பத்திரத்தின் சொத்து விவரத்தில் ஏரியின் எண்ணே இருக்காது. பக்கத்துப் பட்டா நிலத்தின் எண்தான் இருக்கும். காகிதத்தில் விற்பது பட்டா நிலம், கல் நட்டுக் காட்டுவது ஏரிக்குள்.

இன்னொரு வழி, "அனுபவ பாத்தியத்தை மட்டும் விற்கிறேன்" அல்லது "கட்டடத்தை மட்டும் விற்கிறேன்" என்று முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிக் கொடுப்பது. ஆக்கிரமிப்பை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றும் காகிதம் அது. அகற்றல் நோட்டீஸ் இனி உங்கள் பெயருக்கு வரும்.

எப்படிப் பதிவானாலும், பதிவு உரிமையை உருவாக்காது. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்ந்து தீர்ப்பது சார்பதிவாளரின் வேலை இல்லை என்பதை 2025இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. பத்துக் கை மாறி, பத்துப் பத்திரமும் பதிவாகி இருந்தாலும், முதல் ஆளிடம் இல்லாதது பத்தாவது ஆளுக்கு வந்து சேராது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

எண்கள் கற்பனை, நடப்பது வழக்கமானது. ஏரியை ஒட்டி 213/2 என்று ஒரு பட்டா நிலம். பட்டாவில் பரப்பு 0.40.0 ஹெக்டேர். ஏரியின் எண் 214. விற்பவர் 213/2இல் 1 ஏக்கர் 30 சென்ட் மனைப்பிரிவு என்று வரைபடம் காட்டுகிறார்.

ஹெக்டேரை 2.47ஆல் பெருக்கினால் ஏக்கர். 0.40 ஹெக்டேர் என்பது ஏறக்குறைய 99 சென்ட். விற்பனைக்கு வந்திருப்பதோ 130 சென்ட். மீதி 31 சென்ட் எங்கிருந்து வந்தது? ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 31 சென்ட் என்றால் சுமார் 13,500 சதுர அடி. அதாவது 1,200 சதுர அடி மனைகள் பதினொன்று ஏரிக்குள் கிடக்கின்றன. விலை கொஞ்சம் குறைவாக, "லேக் வியூ" என்று விற்பது பெரும்பாலும் அந்த வரிசைதான்.

கணக்கு ஒத்துப்போனாலும் அடுத்து நான்கெல்லையைப் பாருங்கள். 1980களின் தாய்ப்பத்திரத்தில் "கிழக்கே ஏரி வாய்க்கால்" என்று இருக்கும். புதிய பத்திரத்தில் "கிழக்கே மனை எண் 14". நடுவிலிருந்த வாய்க்கால் எங்கே போனது? யாரோ மண் அடித்து நிரவி மனையோடு சேர்த்துவிட்டார்கள். பழைய பத்திரம் ஒவ்வொன்றையும் வரிசையாக வைத்துக்கொண்டு நான்கெல்லையை மட்டும் படித்தாலே இது பிடிபடும். என்னைக் கேட்டால், சட்டக் கருத்துரை எழுதுகிறவர்கள் மிகக் குறைவாகக் கவனிக்கும் வரி இதுதான்.

அதன்பின் புலப்படம், அதாவது ஒரு சர்வே எண்ணின் எல்லைகளை அளவோடு காட்டும் அரசு வரைபடம். 213க்கும் 214க்கும் புலப்படம் வாங்கி, கட்டணம் செலுத்தி அரசு நில அளவரை வரவழைத்து, பொது எல்லையை அளந்து கல் காட்டச் சொல்ல வேண்டும். கூகுள் வரைபடத்தில் ஏரி தள்ளித் தெரிகிறது என்பது கணக்கில் வராது. கோடையில் நீர் உள்வாங்கிய படமாக அது இருக்கும். ஏரியின் எல்லை தண்ணீர் நிற்கும் இடமல்ல, புலப்படத்தில் உள்ள கோடு.

அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் eservices.tn.gov.in தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்துப் பார்க்கலாம். பத்திரத்தில் உள்ள எண்ணோடு நிற்காமல் சுற்றியுள்ள எண்களையும் போட்டுப் பாருங்கள்.

"இப்போ அது ஏரியே இல்லையே"

தண்ணீர் வந்து இருபது வருஷம் ஆயிற்று, கிரிக்கெட் ஆடுகிறார்கள், பக்கத்தில் தார்ச்சாலை போட்டுவிட்டார்கள் என்பார்கள். 2001இல் ஹின்ச்லால் திவாரி வழக்கில் இதே வாதம் வந்தது. உத்தரப்பிரதேசக் கிராமம் ஒன்றில் குளத்தை வீட்டு மனைகளாக ஒதுக்கியிருந்தார்கள். ஒரு பகுதி மேடாகிவிட்டது, வீடு கட்டத் தகுந்தது என்றார்கள். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒதுக்கீடு செல்லாது, குளத்தை மீட்க வேண்டும் என்றது.

2011இல் ஜக்பால் சிங் வழக்கு பஞ்சாபின் பாட்டியாலா மாவட்டத்துக் குளம் ஒன்றைப் பற்றியது. ஆக்கிரமித்தவர்களிடம் விலையை வாங்கிக்கொண்டு நிலத்தை அவர்களுக்கே கொடுத்துவிடலாம் என்று அங்கே அதிகாரி உத்தரவிட்டிருந்தார். பெரும் பணம் செலவழித்து வீடு கட்டிவிட்டார்கள் என்பதற்காக அதை வரன்முறைப்படுத்த முடியாது என்று சொன்ன நீதிமன்றம், ஊர்ப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. "நாளைக்கு ரெகுலரைஸ் பண்ணிடுவாங்க" என்ற நம்பிக்கையில் வாங்குகிறவர்கள் படிக்க வேண்டிய தீர்ப்பு.

"டி.நகரே ஏரிதானே?" என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். ஆம், 1920களில் அங்கிருந்த நெடிய ஏரியை வற்றவைத்துத்தான் அந்த நகர் எழுந்தது. அதைச் செய்தது அரசு. தன் நிலத்தை நகரமைப்புத் திட்டத்தின் கீழ் மாற்றி, பிரித்து, பத்திரம் கொடுத்தது. அது சரியா என்பது வேறு விவாதம். கரையோரத்தில் கல் நட்டு விற்பவருக்கு அந்த அதிகாரம் இல்லை.

நீண்ட கால அனுபவம் என்ற வாதமும் இப்படித்தான். அரசுக்கு எதிராக அதற்கு 30 ஆண்டுகள் வேண்டும், அதையும் வழக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும். பொது நீர்நிலையில் அது எடுபடுவது மிக அரிது.

எல்லாப் புறம்போக்கும் ஒன்றல்ல

கிராம நத்தம் குடியிருப்புக்கான இடம். அதை ஏரி புறம்போக்கோடு ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வீடு கட்டிக் காலங்காலமாக இருப்பவரின் நத்தம் இடம் சட்டப்படி கைமாறுகிறது. அதுபோல, பட்டா நிலத்துக்குள்ளேயே உள்ள தனியார் குளங்களும் உண்டு. உண்மையான பட்டா நிலம் பிழையாக ஏரி என்று பதிவாகியிருந்தால், மாவட்ட வருவாய் அலுவலரிடம் முறையிட்டோ, உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டோ திருத்த வழி உண்டு. ஆனால் அதைத் திருத்த வேண்டியவர் விற்பவர், திருத்த வேண்டிய நேரம் கிரயத்துக்கு முன். "நீங்க வாங்கிக்கோங்க, அப்புறம் மாத்திக்கலாம்" என்றால் முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அரசிடம் இழப்பீடு எதிர்பார்க்க முடியாது. நிலத்தை எடுத்துக்கொண்டதற்குத்தான் இழப்பீடு, இங்கே நிலம் முதலிலிருந்தே அரசுடையது. விற்பவரிடம்தான் போக வேண்டும். சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி, விற்கும் உரிமை தனக்கு உண்டு என்று விற்பவர் உறுதி கொடுத்ததாகவே கொள்ளப்படும். அந்த அடிப்படையில் பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போடலாம், தெரிந்தே விற்றிருந்தால் மோசடிப் புகாரும் கொடுக்கலாம். காலவரம்பு பொதுவாக மூன்று ஆண்டுதான் என்பதால், முதல் நோட்டீஸ் கதவில் ஒட்டிய வாரத்திலேயே வழக்கறிஞரைப் பார்ப்பது உத்தமம். அந்தச் சிக்கலை மறைத்து அடுத்தவருக்கு விற்றுவிடலாம் என்று நினைத்தால், அதே 55ஆம் பிரிவில் நீங்கள்தான் விற்பவர்.