கடையை இணையத்துக்குக் கொண்டுபோகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: கல்முனைத் துணிக்கடை ஒன்றின் கணக்கு

கல்முனைக் கடைத்தெருவில் நெடுங்காலமாகக் கைத்தறித் துணி விற்றுவரும் ஒருவருக்கு, ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வணிகம் படிக்கும் மகள் ஓர் ஆலோசனை சொன்னார். மருதமுனைத் தறிகளிலிருந்து வரும் சாரிகளையும் சாறன்களையும் படம் பிடித்து முகநூல் பக்கத்தில் போட வேண்டும். பார்சல் கையில் கிடைத்ததும் காசு கொடுத்தால் போதும் என்று அறிவிக்க வேண்டும். தொடக்கத்தில் 10 சதவீதம் விலைக்கழிவு கொடுக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். தந்தை மறுக்கவுமில்லை, உடனே தலையாட்டவுமில்லை. நாள்வழிக் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, "எடுக்காமத் திருப்பி அனுப்பினா ஆருக்குச் செலவு, மகள்?" என்று கேட்டார். இணையத்தில் கடை திறந்து கையைச் சுட்டுக்கொண்டவர்களில் பலர் கேட்கத் தவறிய கேள்வி இதுதான் என்பதால், அவர் போட்டுப் பார்த்த கணக்கையே இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

அவர் ஒரு சாரியை நெசவாளரிடம் 2,900 ரூபாவுக்கு எடுத்து 3,600 ரூபாவுக்கு விற்கிறார். வித்தியாசம் 700 ரூபா. கடையில் பத்துப் பேர் பார்த்து ஏழு பேர் வாங்கினால் 4,900 ரூபா மிஞ்சும். வாங்காமல் போன மூவரால் அவருக்குச் செலவில்லை, சாரியை மடித்து மறுபடி இறாக்கையில் வைப்பதோடு சரி. இணையத்தில் அப்படியல்ல. கூரியர் கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனமும், எடைக்கும் தூரத்துக்கும் ஏற்பவும் மாறும் என்றாலும், ஒரு கிலோவுக்குட்பட்ட பார்சலுக்கு 450 ரூபா என்று அவர் வைத்துக்கொண்டார். பையும் நாடாவும் 50 ரூபா. பக்கத்தைப் பலருக்குக் காட்டுவதற்கான விளம்பரச் செலவு பத்து ஓடருக்கு 1,500 ரூபா.

பத்துச் சாரிகள் போய், அவற்றில் மூன்றை வாங்குவோர் எடுக்காமல் திருப்பிவிடுகிறார்கள் என்று கொள்வோம். காரணம் பலவாக இருக்கலாம்: வீட்டில் ஆள் இல்லை, கையில் அன்றைக்குக் காசு இல்லை, அதற்குள் வேறு கடையில் வாங்கியாயிற்று. எடுத்த ஏழு பேரும் கூரியர் கட்டணத்தையும் சேர்த்தே கொடுப்பார்கள். ஆகவே ஒவ்வொரு சாரியிலும் பைச் செலவு போக 650 ரூபா வீதம் 4,550 ரூபா வரும். திரும்பிய மூன்றுக்கும் அனுப்பிய கட்டணமும் பைச் செலவுமாக 500 ரூபா வீதம் 1,500 ரூபா கடைக்காரர் தலையில் விழும். விளம்பரத்தையும் கழித்தால் மிஞ்சுவது 1,550 ரூபா. அதே ஏழு சாரிகள் கடையில் தந்தது 4,900 ரூபா. நான்கு திரும்பினால் மிச்சம் 400 ரூபா. ஐந்து திரும்பினால் கையிலிருந்து 750 ரூபா போகிறது. திரும்பி வரும் வழிக்கும் கட்டணம் அறவிடும் நிறுவனமாக இருந்தால் நட்டம் இன்னும் முன்னதாகவே தொடங்கும். அதனால் உடன்படிக்கையில் முதலில் வாசிக்க வேண்டிய வரி அனுப்பும் கட்டணம் பற்றியது அல்ல, திரும்பும் பார்சல் பற்றியது.

இந்த இடத்தில் மகளின் விலைக்கழிவையும் சேர்த்துப் பார்த்தார்கள். 3,600 ரூபாவில் 10 சதவீதம் 360 ரூபா. கேட்பதற்குச் சிறிய தொகை. ஆனால் அது போவது 700 ரூபா வித்தியாசத்திலிருந்து என்பதால், இலாபத்தில் பாதிக்கு மேல் அங்கேயே கரைந்துவிடுகிறது. ஏழு சாரிகளில் 290 ரூபா வீதம் 2,030 ரூபா வந்து, திரும்பிய பார்சல்களுக்கும் விளம்பரத்துக்கும் 3,000 ரூபா போனால், ஏழு சாரி விற்றும் 970 ரூபா நட்டம். விலையின் மீது சதவீதம் போடுவது வாங்குபவரின் கணக்கு. கடைக்காரர் போட வேண்டியது வித்தியாசத்தின் மீதான சதவீதம். 'டெலிவரி இலவசம்' என்ற அறிவிப்பும் இதே இனம்தான். 700 ரூபாவில் 450 ரூபாவைக் கூரியருக்குக் கொடுத்துவிட்டு எதை வைத்து மின்சாரக் கட்டணம் கட்டுவது?

இலாபத்தைவிடக் கைக்காசுதான் அவரை அதிகம் யோசிக்க வைத்தது. பத்துச் சாரிகள் வழியில் இருக்கும்போது அவருடைய 29,000 ரூபா அவற்றில் முடங்கியிருக்கும். வாங்கியவர் கொடுத்த காசைக் கூரியர் நிறுவனம் திரட்டி, தனக்கு வசதியான நாளில்தான் கணக்கில் போடும். தறிக்காரர்கள் அதுவரை காத்திருக்க முடியாது. கிழமைக்குக் கிழமை கூலி வேண்டும், நூலுக்கு முன்பணம் வேண்டும். விற்பனை கூடக் கூட இந்த இடைவெளி பெருகுமே தவிரக் குறையாது. இலாபமாக ஓடும் கடை கூலி கொடுக்க வழியில்லாமல் நிற்பது இப்படித்தான்.

மகள் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. கூரியர் கட்டணத்தை மட்டும் முன்கூட்டியே வங்கிக்கு வாங்கிவிட்டால் என்ன என்று கேட்டார். நல்ல யோசனை. முன்பணம் என்றதும் நான்கு பேர் விலகி, பத்து ஓடர் ஆறாகக் குறைந்தாலும், காசு கட்டிய ஆறு பேரும் பார்சலை எடுத்தால் 3,900 ரூபா வரும்; விளம்பரம் போக 2,400 ரூபா. பத்து அனுப்பி மூன்று திரும்பியபோது கிடைத்த 1,550 ரூபாவைவிட இது கூடுதல், அலைச்சலும் குறைவு. ஒருவர் மனம் மாறித் திருப்பினாலும் போகும் கட்டணம் ஏற்கெனவே வந்துவிட்டதால் பைச் செலவோடு தப்பலாம். ஆனால் முகம் தெரியாத பக்கத்துக்கு முன்பணம் போட மக்கள் அஞ்சுகிறார்கள், அந்த அச்சத்துக்குக் காரணமும் இருக்கிறது. ஆகவே கடையின் பெயர்ப்பலகை தெரியும் படம், பிரதேச செயலகத்தில் பெற்ற வியாபாரப் பெயர்ப் பதிவு, அழைத்தால் கடையில் ஆள் எடுக்கும் தொலைபேசி இலக்கம் ஆகியவை பக்கத்தில் இருந்தால்தான் முன்பணம் கேட்கலாம். நெடுங்காலக் கடை ஒன்றுக்கு இந்தத் தெருவில் இருக்கும் நம்பிக்கை இணையத்தில் தானாக வந்து சேராது.

முன்பணம் வாங்கத் தொடங்கும்போது இன்னொரு தவறு வாசலில் காத்திருக்கிறது. 'காசு போட்டாச்சு' என்று வட்ஸ்அப்பில் வரும் சிலிப்பின் படத்தைப் பார்த்துப் பார்சலைக் கொடுத்துவிடுவது. படத்தைத் திருத்துவது எளிது. தன் வங்கிக் கணக்கில் தொகை ஏறியிருப்பதைத் தானே பார்த்த பின்புதான் பொருள் கடையை விட்டு வெளியேற வேண்டும். பணம் அனுப்புவதற்காக என்று சொல்லி, தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை யாராவது கேட்டால் அது களவுதான். பணம் பெறுபவரிடம் அந்த இலக்கம் தேவைப்படவே தேவைப்படாது.

அடுத்தது படம். கடைக்குள் வெள்ளை மின்விளக்கின் கீழ் எடுத்த படத்தில் நாவற்பழ நிறச் சாரி கருநீலமாகத் தெரிந்தது. கைத்தறியில் பாவு ஒரு நிறமும் ஊடை வேறு நிறமுமாக இருக்கும்போது, துணி மடியும் பக்கத்துக்கேற்ப நிறமும் மாறித் தெரியும். தொலைபேசிக் கமரா தன் பங்குக்கு நிறத்தைத் திருத்திக்கொள்ளும். மகள் சாரியைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து, காலை வெளிச்சத்தில், வெயில் நேரே படாத நிழலில் விரித்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்தார். தாள் படத்தில் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் சாரியின் நிறமும் பிசகியிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். முந்தானையைக் கையில் பிடித்து அசைக்கும் சிறு காணொளி ஒன்றும் சேர்ந்தால் இன்னும் நல்லது. கீழே எழுத வேண்டியவை: அளவுநாடாவால் அளந்த நீளம், சட்டைத்துண்டு உண்டா இல்லையா, முதல் கழுவலில் சற்றுச் சுருங்கும் என்பது, கைநெசவில் ஊடை நூல் இடையிடையே தடித்துத் தெரிவது இயல்பு என்பது. கடைசி இரண்டையும் எழுதாமல் விட்டால், கைத்தறியின் இயல்பே பழுதாகக் கருதப்பட்டுத் துணி திரும்பி வரும்.

இறாக்கையில் ஒன்றே ஒன்று இருக்கும் சாரியைப் பக்கத்தில் போட்டுவிட்டு, கடைக்கு வந்தவருக்கும் அதையே விற்றுவிடுவது பலர் செய்யும் பிழை. ஆலைத் துணியென்றால் மறுநாள் அதே நிறத்தை வரவழைக்கலாம். கைத்தறியில் அடுத்த தடவை தோய்க்கும் நூல் அதே சாயலில் வரும் என்று நெசவாளரே உறுதி சொல்லமாட்டார். படம் எடுத்த துணி அன்றைக்கே தனி அலுமாரிக்குப் போக வேண்டும்.

இவ்வளவையும் பேசியபின் தந்தை எடுத்த முடிவு, சாரியை இப்போதைக்குக் கடையிலேயே வைத்துக்கொண்டு, சாறனை இணையத்துக்கு அனுப்புவது. சாறனுக்குச் சட்டைத்துண்டுப் பிரச்சினை இல்லை, அளவு அநேகமாக ஒன்றே, அதே கட்டத்தைத் திரும்ப நெய்யலாம். ஒரு சாறனில் அவருக்கு மிஞ்சுவது 250 ரூபாதான். ஒற்றைச் சாறனுக்கு 450 ரூபா கூரியர் கட்டணம் என்றால் வாங்குபவரும் யோசிப்பார், திரும்பினால் கடைக்காரரும் தாங்கமாட்டார். ஆனால் மூன்று சாறன்கள் ஒரு கிலோவுக்குள் அடங்கும். மூன்றாகச் சேர்த்து விற்றால் 750 ரூபா மிஞ்சும், கூரியர் கட்டணம் ஒன்றுதான்.

"நோன்புப் பெருநாளைக்கு எத்தின செட் போடலாம், வாப்பா?" என்று மகள் கேட்டார். தந்தை தறிக்காரர்களை அழைத்து, பெருநாளுக்கு முந்திய கிழமைகளில் உறுதியாக நெய்து தரக்கூடிய தொகையைக் கேட்டறிந்து, கடை வாடிக்கையாளருக்கு வேண்டியதை ஒதுக்கி, மிச்சத்தை மட்டும் பக்கத்தில் போடச் சொன்னார். அந்த எண்ணிக்கை முடிந்ததும் ஓடரை மூடிவிட வேண்டும் என்பதும், ஒவ்வொரு பார்சலும் போகுமுன் வாங்குபவரை அழைத்து, வீட்டு இலக்கம் இல்லாத முகவரியாக இருந்தால் பக்கத்துப் பள்ளியையோ சந்தியையோ கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்பதும் மகளின் பொறுப்பு. திரும்பி வரும் பார்சல்களுக்கு நாள்வழிப் புத்தகத்தில் தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். பத்தில் மூன்றுக்கு மேல் அங்கே ஏறினால் விளம்பரத்தை நிறுத்திவிட்டுக் காரணம் தேடுவது என்று இருவரும் பேசி முடித்திருக்கிறார்கள்.