ஒரு சோதனைப் பட்டையை வளைத்தால் கே-ஃபாக்டர் கையில்

தகட்டை வளைக்கும் முன் வெட்டும் நீளத்தைக் கணக்கிட உதவும் கே-ஃபாக்டரை அட்டவணையில் தேடாமல், அதே ஷீட்டில் சரியாக 100 மி.மீ. நீளப் பட்டை ஒன்றை வெட்டி, வேலைக்குப் போடப்போகும் அதே டையில் 90 டிகிரி வளையுங்கள். இரண்டு கால்களையும் வெளிப்புறமாக வெர்னியரில் அளந்து கூட்டுங்கள். 2 மி.மீ. தகட்டில் 50.4, 53.2 வந்தால் மொத்தம் 103.6. கூடுதலாக வந்த 3.6 தான் ஒரு வளைவுக்குக் கழிக்க வேண்டிய அளவு, அதாவது BD. 60 × 40 எல் வடிவத்துக்கு 96.4 மி.மீ. வெட்டினால் போதும்.

வளையும்போது உள்பக்கம் நெருங்குகிறது, வெளிப்பக்கம் நீள்கிறது. நடுவில் ஒரு கோடு மட்டும் நீளம் மாறாமல் இருக்கிறது. உள்பரப்பிலிருந்து அது தடிமனில் எவ்வளவு பங்கு தள்ளியிருக்கிறது என்பதே கே. மென்பொருளுக்கு அது வேண்டுமென்றால், பட்டையின் உள் ஆரத்தையும் ரேடியஸ் கேஜில் பாருங்கள். இங்கே 2 மி.மீ. என்று வைப்போம். அது R, தடிமன் T, வளைவுக்குள் அந்த மாறாத கோட்டின் நீளம் BA:

```
BA = 2(R+T) - BD = 2(2+2) - 3.6 = 4.4
K  = (BA/1.5708 - R)/T = 0.40
```

பஞ்ச் முனையில் எழுதியிருக்கும் ஆரத்தை நம்பாதீர்கள். தகட்டை டையின் அடிவரை அழுத்தாமல் வளைக்கும் ஏர் பெண்டிங்கில் உள் ஆரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வி-டையின் அகலம்தான்.

டை, தடிமன், உலோகம் இவற்றில் எது மாறினாலும் புதுப் பட்டை வளைக்க வேண்டும். 3.6 என்பது 90 டிகிரிக்கு மட்டுமே. வேறு கோணமென்றால் கே-யிலிருந்து மறுபடி கணக்கிடுங்கள். முழுதாக மடித்து நசுக்கும் ஹெம்முக்கு இந்தக் கே பொருந்தாது.