ஜூம் கால் விட்டு விட்டுக் கேட்கிறதா? வைஃபையா, கேபிளா என்று எண்ணைப் பார்த்து முடிவு செய்வது

கீழக்கரையில் எங்கள் லாத்தா மலேசியாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஜூமில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். "தம்பி, நான் சொல்றது பிள்ளைகளுக்குப் பாதிதான் கேட்குதாம். கேபிள் இழுத்துடலாமா?" என்று கேட்டார். ரவுட்டர் முன்கட்டில், வகுப்பு பின்கட்டில். நடுவில் ஒன்றரை அடிச் சுவர்கள் இரண்டு. கேபிள் இழுப்பதற்கு முன்னால் எண்களைப் பார்த்துவிடலாம் என்றேன்.

முதலில் காலுக்குள் பாருங்கள்

கம்ப்யூட்டரில் ஜூம் கால் ஓடும்போதே Settings திறந்து, Statistics போய், Audio-வைத் தொடுங்கள். Latency, Jitter, Packet Loss மூன்றும் Send, Receive என்று இரண்டு பத்தியாகத் தெரியும். பேச்சு பாக்கெட் என்ற சிறு துண்டுகளாகப் போகிறது; அது சேர ஆகும் நேரம் Latency, அந்த நேரம் ஏறி இறங்குவது Jitter, வழியில் காணாமல் போவது Packet Loss. நம் குரல் அவர்களுக்கு உடைந்தால் Send பத்தியைப் பாருங்கள். அவர்கள் குரல் நமக்கு உடைந்தால் Receive. லாத்தாவுக்கு Send பக்கத்தில் பாக்கெட் லாஸ் 1 சதவீதம்தான் இருந்தது. ஜிட்டர் மட்டும் 50 மில்லி செகண்டைத் தொட்டுத் தொட்டு இறங்கியது. லாஸ் 2 சதவீதத்துக்குள், ஜிட்டர் 40-க்குள் இருந்தால் பேச்சு பொதுவாகத் தெளிவாக இருக்கும்.

லாஸ் குறைவாக இருக்கிறதே, வைஃபை நன்றாகத்தான் இருக்கிறது என்று இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பேச்சு பொதுவாக 20 மில்லி செகண்டுக்கு ஒரு பாக்கெட்டாகப் போகிறது. வழியில் ஒன்று கெட்டால் வைஃபை அதைத் தானே திரும்ப அனுப்பிவிடும். அதனால் லாஸ் கணக்கில் ஏறாது, ஆனால் பாக்கெட் தாமதமாகச் சேரும். இருபது நிமிடத்துக்கு ஒன்றாக வரவேண்டிய ராமநாதபுரம் பஸ் ஒரு மணி நேரம் வராமல், அப்புறம் மூன்றாகச் சேர்ந்து வருவது போல. எல்லா பஸ்ஸும் வந்துவிட்டது, ஆனால் நேரத்துக்கு வரவில்லை. ரொம்பத் தாமதமாக வந்த பாக்கெட்டை ஜூம் காத்திருக்காமல் விட்டுவிடும். அந்த இடத்தில்தான் சொல் முறிகிறது. ஆகவே வைஃபையைச் சந்தேகிக்கும்போது ஜிட்டரை முதலில் பாருங்கள்.

அடுத்து ரவுட்டர் வரைக்கும் அளந்து பாருங்கள்

ஜூம் எண் நம் கம்ப்யூட்டரிலிருந்து ஜூம் சர்வர் வரைக்குமான முழு வழியையும் சேர்த்துச் சொல்கிறது. கேபிள் சரிசெய்யக்கூடியது நம் கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவில் உள்ள சில அடிகளை மட்டும்தான். அதைத் தனியாக அளக்க வேண்டும். விண்டோஸில் Command Prompt திறந்து இதை அடியுங்கள்:

```
ipconfig
```

Default Gateway என்று வரும் எண்தான் உங்கள் ரவுட்டர். லாத்தா வீட்டில் 192.168.1.1. கால் ஓடிக்கொண்டிருக்கும்போதே, வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்தே, 192.168.1.1 இருக்கும் இடத்தில் உங்கள் ரவுட்டர் எண்ணைப் போட்டு அடியுங்கள்:

```
ping -n 100 192.168.1.1
ping -n 100 8.8.8.8
```

ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் போல ஆகும். முதல் வரி ரவுட்டர் வரைக்கும், இரண்டாவது வெளியே இணையம் வரைக்கும். லாத்தா வீட்டில் ரவுட்டர் வரைக்கும் Minimum 2, Maximum 310, அதில் மூன்று பாக்கெட் காணோம். வீட்டுக்குள்ளேயே 310 மில்லி செகண்ட் என்றால் குற்றம் வைஃபைதான்.

ரவுட்டர் எண் சுத்தமாக இருந்து, 8.8.8.8 மட்டும் தாறுமாறாக வந்தால் கேபிள் இழுப்பது வீண் செலவு. மண்டபத்தில் ஒரு மச்சான் வீட்டில் அப்படித்தான் இருந்தது. அந்த நேரத்தில் வீட்டில் யாராவது போனிலிருந்து வீடியோ ஏற்றுகிறார்களா என்று பார்த்து நிறுத்துங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் வெளி லைனில்தான் கோளாறு. இரண்டு எண்களையும் படம் எடுத்து இணையம் கொடுப்பவரிடம் காட்டுங்கள்.

கேபிளை முதலில் தரையில் போட்டுப் பாருங்கள்

சுவரில் ஓட்டை போட வேண்டாம். யாரிடமாவது நீளமான கேபிள் இரவல் வாங்கித் தரையில் விரித்து, வைஃபையை அணைத்துவிட்டு, அதே இரண்டு வரிகளையும் திரும்ப அடியுங்கள். லாத்தாவுக்கு ரவுட்டர் வரைக்கும் நூறும் சேர்ந்தது, எல்லாமே 1 மில்லி செகண்டுக்குள். ஜூமில் ஜிட்டர் 6-க்கு இறங்கியது. அதற்கப்புறம்தான் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம்.

நம் கடற்கரையில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். உப்புக் காற்றில் கேபிள் முனையில் இருக்கும் எட்டுப் பித்தளை நிறக் கம்பிகளில் பச்சைப் பூஞ்சை போலப் படியும். கேபிள் போட்ட பிறகும் ரவுட்டர் வரைக்கும் பாக்கெட் காணாமல் போனால் முதலில் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். இன்னொரு அடையாளம்: விண்டோஸ் Ethernet பக்கத்தில் Link speed முன்பு 1000 காட்டியது இப்போது 100 காட்டினால், உள்ளே ஒரு ஜோடிக் கம்பி விட்டிருக்கலாம். பேச்சுக்கு 100 தாராளம். ஆனால் முனை கெட ஆரம்பித்துவிட்டது என்று தெரியும். துடைத்தால் கொஞ்ச நாள்தான் தாங்கும், முனையை வெட்டிப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். லாத்தா வீட்டில் ஜன்னல் பக்கம் போகாமல் உள்சுவர் ஓரமாகவே கேபிளைக் கொண்டு போனோம்.